சர்வீஸ் அட்டவணையில் அடுத்த தேதியும் சிவப்பு நிறமும் பிழையின்றி வர

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடை யூனிட் நடத்துகிறோம். கம்ப்ரசர், ஜெனரேட்டர், சரக்கு லிஃப்ட், எடைத்தராசு, தையல் மெஷின்கள் எல்லாவற்றுக்கும் எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டேன். C-யில் கடைசி சர்வீஸ் தேதி, D-யில் இடைவெளி நாள், E-யில் =C2+D2. தேதி தாண்டினால் சிவப்பாக வேண்டும் என்று நிறமும் கொடுத்தேன். காலி வரிகள் எல்லாம் சிவப்பாகிவிட்டன. சில இடங்களில் #VALUE! வருகிறது. மே மாதமே சர்வீஸ் செய்திருக்க வேண்டிய கம்ப்ரசர் ஜூன் முடிந்தும் சிவப்பாகவில்லை. எங்கே தவறு? இதை முறையாக எப்படி அமைப்பது?

பதில்:

மூன்று கோளாறுகளில் காலி வரிகள் சிவப்பாவதுதான் மிக எளியது. எக்செல் தேதியை உள்ளே ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. 1900ஆம் ஆண்டு ஜனவரி 1 அதற்கு 1. காலியான கலத்தை அது 0 என்று எடுத்துக்கொள்வதால், அதனுடன் 90-ஐக் கூட்டினால் 30-03-1900 என்ற தேதி கிடைக்கிறது. அது இன்றைய தேதிக்கு முந்தியது என்பதால் வரி சிவப்பாகிறது. கடைசித் தேதி இல்லாத இடத்தில் கணக்கே போடாமல் விட்டுவிட்டால் இது தீர்ந்துவிடும்; அதற்கான சூத்திரம் கீழே வருகிறது.

#VALUE! வருவதும் கம்ப்ரசர் சிவப்பாகாததும் பார்ப்பதற்கு வேறு வேறு கோளாறுகள் போலத் தோன்றினாலும், பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். உங்கள் கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில், அதாவது மாதம் முன்னும் நாள் பின்னுமாக இருந்தால், நீங்கள் 13/02/2025 என்று தட்டும்போது பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. எழுத்துடன் எண்ணைக் கூட்ட முடியாததால் #VALUE! வருகிறது. இந்தப் பிழை கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே தீங்கு குறைவு. ஆனால் 05/02/2025 என்று பிப்ரவரி 5-ஐ நினைத்துத் தட்டினால், அதை மே 2 என்று அது எந்தப் புகாரும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. கம்ப்ரசருக்கு 90 நாள் இடைவெளி என்றால் உண்மையான அடுத்த தேதி மே 6. அட்டவணை காட்டுவதோ ஜூலை 31. ஜூன் முழுவதும் அந்த வரி அமைதியாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும். நாள் 12-க்குள் வரும் ஒவ்வொரு தேதியும் இப்படி மாறியிருக்கலாம். நாளும் மாதமும் ஒரே எண்ணாக உள்ளவை மட்டும் தப்பித்திருக்கும்.

உறுதி செய்துகொள்ள, C நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து அதன் காட்சி வடிவை dd-mmm-yyyy என்று மாற்றுங்கள். மாதம் எழுத்தில் வந்துவிடுவதால் மே 2 என்று இருப்பது உடனே தெரியும். வடிவை மாற்றியும் மாறாமல் அப்படியே நிற்பவை எழுத்தாக உள்ளவை. கலத்தில் தனியாக வலம், இடம் என்று ஒதுக்கீடு செய்யாதிருந்தால் அவை இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும்.

திருத்தும்போது இந்த இரு வகையையும் ஒன்றாகக் கையாளக்கூடாது. எழுத்தாக நிற்பவற்றுக்கு Data பகுதியில் உள்ள Text to Columns-ஐத் திறந்து, மூன்றாம் படியில் Date: DMY என்று தேர்ந்தால் அவை சரியான தேதியாகிவிடும். ஏற்கெனவே தவறான தேதியாக மாறிவிட்டவை எக்செல்லின் பார்வையில் முறையான தேதிகளே. அவற்றின் மீது இந்த வழி ஒன்றும் செய்யாது. அவற்றுக்குப் பக்கத்து நெடுவரிசையில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றும் சூத்திரம் போட்டு, பிறகு மதிப்பாக ஒட்டிக்கொள்ளலாம்:

```
=DATE(YEAR(C2),DAY(C2),MONTH(C2))
```

எல்லாத் தேதிகளும் அதே கணினியில், அதே அமைப்பில், நாளை முதலில் தட்டி உள்ளிடப்பட்டவை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள். வீட்டு மடிக்கணினியிலிருந்தும் அலுவலகக் கணினியிலிருந்தும் கலந்து உள்ளிட்டிருந்தால், சர்வீஸ் பில்லைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதைத் தவிர நம்பகமான வழி இல்லை. அதன்பிறகு விண்டோஸ் அமைப்புகளில் வட்டார வடிவத்தை English (India) என்று மாற்றுங்கள். கூகுள் ஷீட்ஸ் என்றால் File, Settings சென்று Locale-ஐ இந்தியாவாகவும், Time zone-ஐ இந்திய நேரமாகவும் வையுங்கள். நேர மண்டலம் வேறு நாட்டில் இருந்தால் TODAY() அந்த நாட்டுத் தேதியைத் தரும். காலை எட்டு மணிக்கு ஷிஃப்ட் தொடங்கும்போது அட்டவணை நேற்றில் நின்றுகொண்டிருக்கக்கூடும்.

இனி அமைப்பு. உங்கள் அட்டவணையில் நான் முதலில் மாற்றச் சொல்வது சூத்திரத்தை அல்ல. கடைசி சர்வீஸ் தேதியை ஒரே கலத்தில் அழித்து அழித்து எழுதும் வழக்கத்தைத்தான். பழைய தேதி அழிந்தவுடன் அந்த சர்வீஸ் நடந்ததற்கான தடயமே கோப்பில் இல்லாமல் போகிறது. தவறுதலாக வேறு இயந்திரத்தின் வரியில் புதிய தேதியை எழுதிவிட்டால், செய்யாத சர்வீஸ் செய்ததாகிவிடும். திரும்பப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. ஆகவே இரண்டு தாள்கள் வையுங்கள். Log என்ற தாளில் ஒவ்வொரு சர்வீஸும் ஒரு வரி: A-யில் தேதி, B-யில் வேலைக் குறியீடு, C-யில் மணிமீட்டர் அளவு, D-யில் செய்தவர், E-யில் குறிப்பு. இதில் எதையும் அழிப்பதில்லை. கீழே சேர்த்துக்கொண்டே போவதுதான். A நெடுவரிசைக்கு Data Validation கொடுத்து, நீங்கள் பதிவைத் தொடங்கும் ஆண்டுக்கும் =TODAY()-க்கும் இடைப்பட்ட தேதியை மட்டும் ஏற்கச் செய்தால், எழுத்தாக நிற்கும் தேதியும் 2052 போன்ற கைப்பிழையும் நுழையாது.

Plan என்ற இரண்டாம் தாளில் ஓர் இயந்திரத்துக்கு ஒரு வரி என்று வைக்காமல், ஒரு வேலைக்கு ஒரு வரி என்று வையுங்கள். கம்ப்ரசருக்கு ஏர் ஃபில்டர் சுத்தம் செய்வது பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பெல்ட் பார்ப்பது மாதத்துக்கு ஒருமுறை, எண்ணெய் மாற்றுவது கையேடு சொல்லும் கணக்கில் என்று மூன்று வேலைகள் இருந்தால், CMP1-FIL, CMP1-BLT, CMP1-OIL என மூன்று குறியீடுகள் வேண்டும். இல்லையென்றால் ஃபில்டரைத் தட்டி மாட்டிய அன்று எண்ணெய் மாற்றியதாகவும் கணக்காகிவிடும். இடையில் பழுதாகி மெக்கானிக் வந்து போனதையும் இந்தக் குறியீடுகளில் எழுதக்கூடாது. அதற்கு CMP1-BRK என்று தனிக் குறியீடு கொடுங்கள். பழுது பார்த்தது பராமரிப்புத் தேதியைத் தள்ளிவைக்கக் காரணமாகாது.

Plan தாளின் நெடுவரிசைகள்: A குறியீடு, B இயந்திரம், C வேலை, D இடைவெளி, E அலகு (மாதம் என்றால் M, நாள் என்றால் D), F முன்னறிவிப்பு நாள், G கடைசித் தேதி, H அடுத்த தேதி, I நிலை. G, H, I மூன்றும் சூத்திரங்கள். யாரும் கையால் தட்டக்கூடாது. G2-இல் இதை இடுங்கள்:

```
=IF(MAXIFS(Log!A:A,Log!B:B,A2)=0,"",MAXIFS(Log!A:A,Log!B:B,A2))
```

அந்தக் குறியீட்டுக்கு Log தாளில் உள்ள தேதிகளுள் மிகப் பிந்தியதை இது எடுக்கிறது. பதிவே இல்லையென்றால் காலியாக விடுகிறது. MAXIFS எக்செல் 2019 முதலும், 365-இலும், கூகுள் ஷீட்ஸிலும் உண்டு. அதற்கு முந்திய பதிப்பு வைத்திருந்தால் இதைப் பயன்படுத்துங்கள்:

```
=IFERROR(AGGREGATE(14,6,Log!$A$2:$A$2000/(Log!$B$2:$B$2000=A2),1),"")
```

அடுத்த தேதிக்கு H2:

```
=IF(G2="","",IF(E2="M",EDATE(G2,D2),G2+D2))
```

H-இல் 45800 போன்ற எண் தெரிந்தால் சூத்திரம் தவறவில்லை. கலத்துக்குத் தேதி வடிவம் கொடுக்கவில்லை என்பதே பொருள். மாதத்தையும் நாளையும் ஏன் பிரித்தேன் என்றால், மூன்று மாதத்துக்குப் பதிலாக 90 என்று எழுதினால் நான்கு சுற்றில் 360 நாள்தான் ஆகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஐந்து நாள் முன்னே நகரும். கம்ப்ரசர் ஃபில்டருக்கு இது பொருட்டல்ல. எடைத்தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை, சரக்கு லிஃப்ட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதி பெற்றவரின் சோதனை (2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வகுத்த இடைவெளி அது) என்று சட்டக் கெடு உள்ளவற்றுக்கு மாதக் கணக்கே பொருந்தும். EDATE மாத இறுதியையும் பார்த்துக்கொள்ளும்: 31-08-2025 உடன் ஆறு மாதம் சேர்த்தால் 28-02-2026 என்று தரும்.

நிலைக்கு I2:

```
=IF(A2="","",IF(H2="","பதிவில்லை",
 IF(H2<TODAY(),"தவறியது",
 IF(H2<=TODAY()+F2,"நெருங்குகிறது","சரி"))))
```

இதில் கெடு நாளன்று வரி "நெருங்குகிறது" என்றே இருக்கும். மறுநாள்தான் "தவறியது" ஆகும். F நெடுவரிசையைத் தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. எல்லாவற்றுக்கும் பதினான்கு நாள் முன்னறிவிப்பு என்று வைத்தால், பதினைந்து நாள் சுற்றில் உள்ள ஃபில்டர் வரி கிட்டத்தட்ட எப்போதும் மஞ்சளாகவே இருக்கும், விரைவில் யாரும் மஞ்சளைப் பார்க்கவே மாட்டார்கள். முன்னறிவிப்பு நாளைத் தீர்மானிக்க வேண்டியது இடைவெளியின் நீளம் அல்ல, ஏற்பாட்டுக்குப் பிடிக்கும் காலம். ஃபில்டரை உங்கள் ஆளே சுத்தம் செய்வார், இரண்டு நாள் போதும். கோயம்புத்தூரிலிருந்து பெல்ட் வரப் பத்து நாளாகுமென்றால் பத்துக்கு மேல் வேண்டும். லிஃப்ட் சோதனைக்கு ஆளைப் பிடித்துத் தேதி வாங்க ஒரு மாதமாகும் என்றால் முப்பது.

நிறம் கொடுக்கும்போது A2 முதல் I200 வரை, A2-விலிருந்து இழுத்துத் தேர்ந்தெடுத்து, Conditional Formatting, New Rule, Use a formula என்று சென்று இதை எழுதுங்கள்:

```
=$I2="தவறியது"
```

I-க்கு முன்னால் டாலர் குறி வேண்டும், 2-க்கு முன்னால் கூடாது. எண்ணுக்கு முன்னும் டாலர் இருந்தால் எல்லா வரிகளும் இரண்டாம் வரியின் நிறத்தையே பெறும். தேர்வை வேறு வரியிலிருந்து தொடங்கியிருந்தால் நிறம் ஒன்றிரண்டு வரி தள்ளி விழும்; "பக்கத்து மெஷின் சிவப்பாகிறது" என்று வரும் புகார்கள் பெரும்பாலும் இந்த வகை. தேதியை நேராக TODAY()-உடன் ஒப்பிடாமல் நிலைச் சொல்லைப் பார்த்து நிறம் கொடுப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. எக்செல் ஒப்பீட்டில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. ஆகவே எழுத்தாக நிற்கும் தேதி எந்தக் காலத்திலும் இன்றைவிடச் சிறியதாகாது, சிவப்பும் ஆகாது. நிலைச் சொல் இருந்தால் அதை வைத்து வடிகட்டலாம், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் படிக்கலாம், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வை உள்ளவருக்கும் செய்தி போய்ச் சேரும்.

"நெருங்குகிறது" மஞ்சள், "பதிவில்லை" அடர் சாம்பல் என்று மேலும் இரண்டு விதிகள் போதும். "சரி" என்பதற்குப் பச்சை கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. தாள் முழுதும் பச்சையாக இருந்தால் நான்கு சிவப்பு வரிகள் தனித்துத் தெரியாது. "பதிவில்லை" என்பதை நிறமின்றி விடவும் கூடாது. எப்போது எண்ணெய் மாற்றினோம் என்றே தெரியாத இயந்திரம், பத்து நாள் தவறிய இயந்திரத்தைவிடக் கவலைக்குரியது. வரிகளை நகலெடுத்து ஒட்டும்போது விதிகள் துண்டு துண்டாகப் பெருகும். Paste Special வழியாக மதிப்பையோ சூத்திரத்தையோ மட்டும் ஒட்டுங்கள், அவ்வப்போது Manage Rules-ஐத் திறந்து நீங்கள் போட்ட விதிகளுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெனரேட்டருக்கு நாள் கணக்கு மட்டும் போதாது. கையேட்டில் 250 மணி நேரம் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10-03-2025 அன்று மீட்டர் 1840 காட்டியபோது எண்ணெய் மாற்றினீர்கள். 20-06-2025 அன்று மீட்டர் 2044. இடைப்பட்ட 102 நாளில் 204 மணி ஓடியிருக்கிறது, சராசரியாக நாளுக்கு 2 மணி. 250-இல் மீதி 46 மணி; அதே வேகத்தில் 23 நாளில் தீரும், அதாவது 13-07-2025. ஆறு மாதக் கணக்கில் கெடு 10-09-2025. முந்தியது ஜூலை 13 என்பதால் அதுவே அடுத்த தேதி. இந்த வரிக்கு மட்டும் J-யில் மணி இடைவெளி, K-யில் சர்வீஸின்போது இருந்த மீட்டர், L-இல் கடைசியாக மீட்டர் பார்த்த தேதி, M-இல் அப்போதைய மீட்டர் என்று வைத்துக்கொண்டு, H-இல் இந்தச் சூத்திரத்தை இடலாம்:

```
=IF(G5="","",INT(MIN(EDATE(G5,D5),
 IFERROR(L5+(K5+J5-M5)*(L5-G5)/(M5-K5),EDATE(G5,D5)))))
```

ஜெனரேட்டர் ஓடவே இல்லையென்றால் பூஜ்யத்தால் வகுக்க நேரும். அப்போது IFERROR மாதக் கெடுவுக்குத் திருப்பிவிடும். இது மதிப்பீடுதான் என்பதை மறக்க வேண்டாம். மின்தடை அதிகமாகும் மாதத்தில் நாளுக்கு இரண்டு மணி என்பது ஐந்தாகலாம், பழைய சராசரி அதை உடனே காட்டாது. மீட்டரை வாரம் ஒருமுறை எழுதினால் பிழை சிறியதாக இருக்கும். எழுதுவதை நிறுத்திவிட்டால் தேதி உறைந்து நின்றுவிடும், வரியும் சரியாகவே தோன்றும்; ஆகவே L நெடுவரிசையில் தேதி உள்ள கலங்களுக்கு =AND($L2<>"",$L2<TODAY()-7) என்று தனியாக ஒரு நிற விதி கொடுங்கள். Log-இல் புது சர்வீஸ் எழுதும் அன்றே K, L, M மூன்றையும் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் புதிய தேதியும் பழைய மீட்டரும் கலந்து பொருளற்ற விடை வரும்.

கடைசி சர்வீஸிலிருந்து அடுத்த தேதியைக் கணக்கிடும் முறைக்கே உரிய ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்: அது தாமதத்தை மன்னித்துவிடும். மூன்று மாத வேலை ஒன்றை ஒவ்வொரு முறையும் இருபது நாள் தாமதமாகச் செய்தால், செய்த மறுநாளே வரி "சரி" ஆகிவிடுகிறது. மூன்று ஆண்டில் பன்னிரண்டு முறை நடந்திருக்க வேண்டியது ஒன்பது முறைதான் நடந்திருக்கும். எந்த நாளில் தாளைத் திறந்தாலும் இது தெரியாது. எண்ணெய், பெல்ட் போன்ற தேய்மான வேலைகளுக்குக் கடைசித் தேதியிலிருந்து எண்ணுவதே முறை, ஏனெனில் புது எண்ணெயின் வயது ஊற்றிய நாளில்தான் தொடங்குகிறது. ஆனால் தாமதத்தைக் கண்காணிக்க, சர்வீஸைப் பதியும்போது, பதிவதற்கு முன் Plan தாள் காட்டிய அடுத்த தேதியையும் Log-இன் F நெடுவரிசையில் மதிப்பாக எழுதிவிடுங்கள். A-யிலிருந்து F-ஐக் கழித்தால் தாமத நாள் கிடைக்கும். ஒரே வேலை திரும்பத் திரும்பப் பதினைந்து, இருபது என்று காட்டினால், இடைவெளி நடைமுறைக்கு ஒவ்வாததா, முன்னறிவிப்பு போதவில்லையா என்று பார்க்கலாம்.

ஏஎம்சி ஒப்பந்தங்களுக்கு இந்தக் கணக்கைப் பயன்படுத்தவே கூடாது. ஆண்டுக்கு நான்கு வருகை என்று பணம் கட்டியிருக்கிறீர்கள். முதல் வருகை ஒரு மாதம் பிந்தி, அதிலிருந்து மூன்று மாதம், பிறகு அதிலிருந்து மூன்று மாதம் என்று எண்ணினால், நான்காவது வருகை ஒப்பந்தம் முடிந்தபின் விழும். அந்தப் பணம் போனதுதான். இத்தகைய வரிகளில் N நெடுவரிசையில் ஒப்பந்தத் தொடக்கத் தேதியை எழுதி, H-இல் அதிலிருந்தே எண்ணுங்கள்:

```
=EDATE(N8,D8*(1+COUNTIFS(Log!B:B,A8,Log!A:A,">="&N8)))
```

ஒப்பந்தம் 01-04-2025 அன்று தொடங்கி, இடைவெளி 3 மாதம் என்றால் முதல் கெடு 01-07-2025. அந்த வருகை ஆகஸ்ட் 4 அன்று நடந்தாலும் அடுத்த கெடு 01-10-2025 என்றே நிற்கும். முதல் வருகையே வராமல் அக்டோபர் தாண்டினாலும் கெடு 01-07-2025-இலேயே சிவப்பாக நிற்கும்; ஒப்பந்தக்காரரிடம் எத்தனை வருகை பாக்கி என்று கேட்கும்போது அந்த வரியையே காட்டலாம். ஒப்பந்தம் புதுப்பித்தவுடன் N-இல் உள்ள தேதியை மாற்ற வேண்டும். புதிய ஒப்பந்தம் வேறு நிறுவனத்துடன் என்றால் குறியீட்டையும் மாற்றிவிடுங்கள், பழைய வருகைகள் அவர்கள் கணக்கில் சேராதிருக்கும்.